மேற்கோள் குறிக்குள் இருக்கும் பிழை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம், ஜெர்மனியில் அவர்களுடைய பையர் அலுவலகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு எக்செல் கோப்பு மின்னஞ்சலில் போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை பீஸ், என்ன விலை, எந்தத் தேதியில் கப்பலேறும், இந்த ஆண்டில் மொத்தம் எவ்வளவு யூரோவுக்குச் சரக்கு போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இங்கே 46,000 என்று சரியாகக் காட்டும் ஆண்டு மொத்தம், ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி வரும்போது 30,800 என்று நிற்கிறது. பையர் மாற்றியது ஒரு ஷிப்மெண்ட் தேதியை மட்டும்தான். தொகை எதையும் அவர் தொடவில்லை. ஃபார்முலாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எழுதியது எழுதியபடி இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கையோ பிழைச் செய்தியோ எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட கோளாறு வரும்போது பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: “அவர்கள் கம்ப்யூட்டர் ஜெர்மனில் இருக்கிறது, நம்முடையது ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் ஃபார்முலா உடைந்துவிட்டது.” இதில் பாதிதான் உண்மை. மொழி மாறினால் எக்செல் ஃபார்முலாக்கள் பொதுவாக உடைவதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுதப்பட்டவை மட்டுமே உடைகின்றன. அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால் பிழையைத் தேடும் வேலை மிகவும் சுருங்கிவிடும்.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுகிற வேறுபாட்டைப் பார்த்துவிடலாம். ஜெர்மன் எக்செலில் கூட்டும் செயல்பாட்டின் பெயர் SUM அல்ல, SUMME. நம்முடைய IF அங்கே WENN, VLOOKUP அங்கே SVERWEIS, TODAY அங்கே HEUTE. பிரெஞ்சு எக்செலில் இதே SUM, IF, VLOOKUP மூன்றும் SOMME, SI, RECHERCHEV ஆகிவிடும். பிழைச் செய்திகளுக்குக்கூட உள்ளூர்ப் பெயர் உண்டு. நாம் #N/A என்று பார்ப்பதை ஜெர்மானியர் #NV என்று பார்க்கிறார்கள், #REF! அவர்களுக்கு #BEZUG!. எல்லா மொழிகளிலும் இப்படி மாற்றவில்லை. ஜப்பானிய எக்செலிலும் சீன எக்செலிலும் மெனு முழுக்க அந்தந்த மொழியில் இருந்தாலும் செயல்பாடுகள் SUM, IF என்றே இருக்கின்றன.

அடுத்தது பிரிப்புக் குறி. ஜெர்மனியில் மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள், ஆயிரத்தைப் பிரிக்கக் கமா வைக்கும் இடத்தில் புள்ளி வைப்பார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் எழுத்துமுறையே அதுதான். கமா தசமக் குறியாகிவிட்டால், ஃபார்முலாவுக்குள் ஒரு மதிப்பையும் அடுத்த மதிப்பையும் பிரிக்க அதே கமாவைப் பயன்படுத்த முடியாது. SUM(1,5) என்றால் ஒன்றையும் ஐந்தையும் கூட்டுவதா, ஒன்றரை என்ற ஒரே எண்ணை எடுப்பதா? அதனால் அங்கே பிரிப்புக்கு அரைப்புள்ளி. ஜெர்மன் எக்செலில் =SUMME(1;5) என்று எழுதினால் 6 வரும். பழக்கத்தில் =SUMME(1,5) என்று தட்டினால் எக்செல் மறுப்பு சொல்லாமல் ஒன்றரையைக் காட்டிவிட்டுப் போகும்.

பெயரும் பிரிப்புக் குறியும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ள வேண்டும், பல குழப்பங்களுக்கு வேர் அதுதான். செயல்பாட்டின் பெயர் எந்த மொழியில் தெரியும் என்பதை ஆஃபீஸ் மென்பொருளின் மொழி தீர்மானிக்கிறது. தசமக் குறி எது, பிரிப்புக் குறி எது, தேதியின் வடிவம் என்ன என்பவற்றை விண்டோஸின் பிராந்திய அமைப்பு தீர்மானிக்கிறது. இவை இரண்டு தனித்தனி அமைப்புகள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் ஆஃபீஸை ஆங்கிலத்திலும் விண்டோஸை ஜெர்மன் பிராந்தியத்திலும் வைத்திருந்தால், அவருக்கு IF என்ற பெயரும் அரைப்புள்ளியும் சேர்ந்து வரும். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் மொழி எக்செல் வைத்திருப்பவருக்கு WENN என்ற பெயரும், அரைப்புள்ளியும், ஆனால் தசமத்துக்குப் புள்ளியும் வரும். ஆகவே “அவருடைய எக்செல் என்ன மொழி?” என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். “விண்டோஸில் எந்த நாட்டு வடிவம் வைத்திருக்கிறார்?” என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் ஏன் சிதறிப் போவதில்லை? காரணம் கோப்புக்குள் இருக்கிறது. 2007 முதல் நாம் பயன்படுத்தும் .xlsx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் .zip என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகள் தெரியும். பொதுவாக xl/worksheets/sheet1.xml என்பதில் முதல் ஷீட் இருக்கும். அதில் ஒரு செல் இப்படிப் பதிவாகியிருக்கும்:

```
<c r="D2">
  <f>IF(C2&gt;1000,C2*0.95,C2)</f>
  <v>1140</v>
</c>
```

நடுவில் உள்ள &gt; என்பது > குறியை எக்ஸ்எம்எல்லில் எழுதும் முறை, அதை விட்டுவிடுங்கள். இதைச் சேமித்தது ஜெர்மன் எக்செலாக இருந்தாலும், பிரெஞ்சு எக்செலாக இருந்தாலும், f வரியில் IF என்ற ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். பிரிப்புக்குக் கமாவும் தசமத்துக்குப் புள்ளியும்தான் இருக்கும். ஜெர்மன் கணினியில் திறக்கும்போது எக்செல் இதைப் படித்துத் திரையில் WENN, அரைப்புள்ளி, 0,95 என்று மாற்றிக் காட்டுகிறது. சேமிக்கும்போது பழையபடி ஆங்கில வடிவத்துக்கு மாற்றி எழுதுகிறது. இதற்கு முந்தைய .xls கோப்புகளில் பெயர்கூட இல்லை, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஓர் எண் இருந்தது. IF என்றால் 1, SUM என்றால் 4. எண்ணுக்கு மொழி ஏது? ஒரு விதிவிலக்கு மட்டும் இருந்தது. எக்செல் 2003 வரை EDATE, NETWORKDAYS போன்ற சில செயல்பாடுகள் ஒரு துணைநிரலிலிருந்து வந்தன. அவற்றுக்கு எண் கிடையாது, பெயரே எழுத்தாகப் பதிவானது. அதனால் வேறு மொழி எக்செலில் அவை #NAME? என்று விழுந்தன. 2007-ல் அவை எக்செலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்படியானால் #NAME? என்று இன்றும் பலர் பார்க்கிறார்களே, அது எப்படி? பெரும்பாலும் ஃபார்முலா கோப்பாகப் போகாமல் எழுத்தாகப் போகும்போது. திருப்பூரில் உள்ள மெர்ச்சண்டைசர் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறார்:

```
=IF(C2>1000,C2*0.95,C2)
```

பெறுபவர் அதை ஜெர்மன் எக்செலில் ஒட்டுகிறார். கோப்பைத் திறக்கும்போது நடக்கும் மொழிமாற்றம் இங்கே நடக்காது, ஏனென்றால் செல்லில் தட்டப்படுவது உள்ளூர் மொழியில்தான் இருக்கும் என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. முதலில் ஃபார்முலாவில் சிக்கல் என்ற பெட்டி வரும். கமாக்களை அரைப்புள்ளியாக மாற்றினாலும் மறுபடி அதே பெட்டி, இந்த முறை காரணம் 0.95. அதை 0,95 ஆக்கினால் பெட்டி போய்விடும், செல்லில் #NAME? நிற்கும். IF என்பதை WENN ஆக்கிய பிறகுதான் விடை வரும்:

```
=WENN(C2>1000;C2*0,95;C2)
```

மெர்ச்சண்டைசர் அதே ஃபார்முலாவை ஒரு வெற்று எக்செல் கோப்பில் எழுதிச் சேமித்து அனுப்பியிருந்தால், இந்த மூன்று திருத்தங்களையும் எக்செலே செய்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஃபார்முலா சொல்லித்தர இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

நிரல் எழுதி எக்செல் கோப்பு உருவாக்குபவர்களுக்கு இதே விதி தலைகீழாக வரும். பைத்தானின் ஓப்பன்பைஎக்ஸ்எல் போன்ற நூலகங்கள் கோப்புக்குள் நேரடியாக எழுதுபவை, எனவே அங்கே ஆங்கிலப் பெயரும் கமாவும்தான் செல்லும். ஜெர்மானியர் திறக்கப் போகிறாரே என்று SUMME என எழுதினால் அவருடைய எக்செலிலேயே #NAME? வரும். அரைப்புள்ளி வைத்து எழுதினால் கோப்பே பழுதாகிவிட்டது, சரிசெய்யட்டுமா என்று எக்செல் கேட்கும். இன்னொன்று: ஃபார்முலாவில் _xlfn. என்ற முன்னொட்டு தெரிந்து #NAME? வந்தால் அது மொழிக் கோளாறு அல்ல. அந்தச் செயல்பாடு அவரிடமுள்ள பழைய எக்செலில் இல்லை என்று அர்த்தம். எக்செல் 2016-ல் XLOOKUP அப்படித்தான் தெரியும்.

இவையெல்லாம் சத்தம் போடும் பிழைகள். பெட்டி வரும், செல்லில் பிழைச்சொல் நிற்கும், யாராவது கவனித்துச் சரிசெய்துவிடுவார்கள். 46,000 யூரோ 30,800 ஆனது வேறு வகை.

அந்த ஷீட்டில் A பத்தியில் ஆர்டர் எண், B-ல் ஷிப்மெண்ட் தேதி, D-ல் யூரோ மதிப்பு. E பத்தியில் ஆண்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு செல்லில் அந்த ஆண்டுக்குரிய தொகைகளைக் கூட்டுகிறார்கள்:

```
E2:  =TEXT(B2,"yyyy")
D7:  =SUMIF(E2:E5,"2025",D2:D5)
```

நான்கு ஆர்டர்கள், எல்லாம் 2025-ல். மதிப்புகள் 12,400, 8,650, 15,200, 9,750. மொத்தம் 46,000. இங்கே எந்தக் குறையும் இல்லை.

ஜெர்மனியில் இந்தக் கோப்பைத் திறந்ததும் SUMIF அங்கே SUMMEWENN ஆகிறது, கமாக்கள் அரைப்புள்ளிகளாகின்றன. TEXT ஜெர்மனிலும் TEXT தான். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் yyyy அப்படியே நிற்கிறது. எக்செலைப் பொறுத்தவரை மேற்கோள் குறிக்குள் இருப்பது பயனர் எழுதிய வெறும் எழுத்துத் தொடர். அது ஒரு வாடிக்கையாளரின் பெயராக இருக்கலாம், “ஆம்” என்ற சொல்லாக இருக்கலாம். அதை மொழிமாற்றும் உரிமை எக்செலுக்கு இல்லை, மாற்றாமல் விடுவதும் சரியே. ஆனால் TEXT செயல்பாடு அந்தத் தொடரை ஓர் உத்தரவாகப் படிக்கிறது, அதுவும் விண்டோஸின் பிராந்திய அமைப்பு சொல்லும் எழுத்துகளின்படி படிக்கிறது. ஜெர்மன் அமைப்பில் ஆண்டுக்கு JJJJ, நாளுக்கு TT. பிரெஞ்சில் ஆண்டுக்கு aaaa, நாளுக்கு jj. y என்ற எழுத்துக்கு ஜெர்மனில் எந்த வேலையும் இல்லாததால், அது அலங்காரத்துக்கு வைத்த எழுத்து என்று எண்ணி எக்செல் அப்படியே அச்சிட்டுவிடுகிறது. E2-ல் 2025 வர வேண்டிய இடத்தில் yyyy என்ற நான்கு எழுத்து வந்து உட்கார்கிறது. பிழை என்று சொல்ல எக்செலுக்குக் காரணமே இல்லை. SUMIF தேடுவது 2025, பத்தியில் இருப்பது yyyy. பொருந்தாததைக் கூட்டாமல் விட்டுவிடுகிறது.

அப்படியானால் மொத்தம் பூஜ்யமாக அல்லவா வர வேண்டும், 30,800 எங்கிருந்து வந்தது?

மேலே காட்டிய எக்ஸ்எம்எல் துண்டில் f வரிக்குக் கீழே v என்று ஒரு வரி இருந்ததே, அதுதான் காரணம். ஃபார்முலாவோடு கடைசியாகக் கணக்கிட்ட விடையையும் எக்செல் கோப்பில் சேமித்து வைக்கிறது. அடுத்து யார் திறந்தாலும், அதே வெளியீட்டு எக்செலாக இருந்தால், வழக்கமாக எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடுவதில்லை. சேமித்த விடையையே காட்டுகிறது. ஒரு செல் மாறினால் அதைச் சார்ந்த செல்களை மட்டும் கணக்கிடுகிறது. அதனால் ஜெர்மனியில் திறந்தவுடன் E பத்தி முழுவதும் 2025, மொத்தம் 46,000. பையர் மூன்றாவது ஆர்டரின் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடுகிறார். B4 மாறியதால் E4 மட்டும் மறுபடி கணக்காகிறது, yyyy ஆகிறது. E4 மாறியதால் கூட்டல் மறுபடி நடக்கிறது, அந்த ஆர்டரின் 15,200 மட்டும் விடுபடுகிறது. மீதி 30,800.

முழுக்கப் பூஜ்யமாகியிருந்தால் யாராவது உடனே கேட்டிருப்பார்கள். 30,800 நம்பும்படியான எண், ஏதோ ஆர்டர் குறைந்திருக்கிறது போல என்று எண்ண வைக்கும் எண். இந்தக் கோளாறில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

கோப்பு திருப்பூருக்குத் திரும்பி வந்த பிறகும் இது தொடர்கிறது. yyyy என்பதும் 30,800 என்பதும் இப்போது கோப்பில் சேமித்த விடைகள். ஆங்கில எக்செல் அவற்றை அப்படியே காட்டுகிறது. E4-ஐத் திறந்து பார்ப்பவருக்கு =TEXT(B4,"yyyy") என்ற சரியான ஃபார்முலா தெரிகிறது, அதன் விடையோ yyyy. அந்தச் செல்லில் எஃப்2 அழுத்தி என்டர் தட்டினால் உடனே 2025 வந்துவிடும், மொத்தமும் 46,000 ஆகிவிடும். “என்னவோ ஆகியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது” என்று விட்டுவிட்டால், அடுத்த முறை பையர் தேதி மாற்றும்போது மறுபடி வரும்.

சந்தேகம் வந்தால் கோப்பு முழுவதையும் கட்டாயமாக மறுபடி கணக்கிடச் செய்யும் விசைச் சேர்க்கை Ctrl+Alt+F9. ஜெர்மனியில் இதை அழுத்தியிருந்தால் E பத்தி முழுவதும் yyyy ஆகி, மொத்தம் பூஜ்யமாகி, கோளாறு வெளியே தெரிந்திருக்கும். திருப்பூரில் அழுத்தினால் எல்லாம் சரியாகும். ஒரே கோப்பு, ஒரே விசை, இரண்டு ஊரில் இரண்டு விடை என்றால் சந்தேகமே வேண்டாம், மேற்கோள் குறிக்குள் மொழி சார்ந்த ஏதோ இருக்கிறது.

தீர்வு சிறியது. ஆண்டு வேண்டுமென்றால் எழுத்துக் குறியீட்டால் கேட்காமல், அதற்கென்று உள்ள செயல்பாட்டால் கேட்க வேண்டும்:

```
E2:  =YEAR(B2)
```

YEAR ஜெர்மனில் JAHR என்று மாறித் தெரியும், விடை எங்கும் 2025. கூட்டல் ஃபார்முலாவை மாற்றத் தேவையில்லை, "2025" என்ற நிபந்தனை எண்ணாக இருக்கும் 2025-க்கும் பொருந்தும். மாதமும் சேர்ந்து வேண்டுமானால் =YEAR(B2)*100+MONTH(B2) என்று எழுதலாம், 2025 ஜூனுக்கு 202506 கிடைக்கும். தேதியைக் கண்ணுக்கு அழகாகக் காட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் TEXT-ஐ நாடவே வேண்டாம். செல்லின் வடிவமைப்பில் yyyy-mm-dd என்று வைத்தால் போதும். அந்த வடிவமைப்பு கோப்பில் தனி இடத்தில், மொழி சாராமல் பதிவாகிறது, ஜெர்மன் எக்செல் அதை JJJJ-MM-TT என்று தானே புரிந்துகொள்கிறது. ஒரே yyyy, வடிவமைப்புப் பெட்டியில் இருந்தால் கடல் கடக்கிறது, ஃபார்முலாவில் மேற்கோள் குறிக்குள் இருந்தால் கடப்பதில்லை.

எண்களிலும் இதே கண்ணி இருக்கிறது. பன்னிரண்டரை யூரோவை இரண்டு தசம இடத்தோடு காட்ட =TEXT(12.5,"0.00") என்று எழுதியிருந்தால் இங்கே 12.50 வரும். ஜெர்மன் அமைப்பில் அந்த மேற்கோளுக்குள் உள்ள புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி. எனவே தசமமே வேண்டாம், குறைந்தது மூன்று இலக்கம் வேண்டும் என்று எக்செல் புரிந்துகொண்டு 013 என்று காட்டும். இதற்குப் பதில் =FIXED(12.5,2) என்று எழுதினால் இங்கே 12.50, அங்கே 12,50. இரண்டும் அந்தந்த ஊருக்குச் சரி.

விலைப்பட்டியலை மின்னஞ்சலிலிருந்து ஒட்டும்போது எண்கள் சில சமயம் எழுத்தாக வந்து விழும். அவற்றை எண்ணாக்க VALUE என்ற செயல்பாட்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பீஸ் ஒன்று 3.5 யூரோ, 2,000 பீஸ், மொத்தம் 7,000 யூரோ என்று கொள்வோம். F2-ல் “3.5” எழுத்தாக இருக்கிறது, ஃபார்முலா =VALUE(F2)*2000. ஜெர்மன் முறையில் தேதியை நாள், புள்ளி, மாதம் என்று எழுதுவார்கள். ஆகவே ஜெர்மன் அமைப்பில் 3.5 என்ற எழுத்தைப் பார்த்ததும் எக்செல் அதை மே மாதம் 3-ஆம் தேதி என்று எடுத்துக்கொள்கிறது. எக்செலுக்குள் ஒவ்வொரு தேதியும் ஓர் எண். நடப்பு ஆண்டு 2025 என்றால் மே 3-க்குரிய எண் 45780. அதை 2,000-ஆல் பெருக்கினால் 9,15,60,000 யூரோ. இந்தப் பிழையாவது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இந்த எண்ணை வேறொரு ஷீட்டில் சராசரி எடுத்து, அதை இன்னொன்றில் சதவீதமாக்கியிருந்தால் எங்கிருந்து புறப்பட்டது என்று தேடுவது கடினம். எக்செல் 2013-ல் இதற்கென்றே ஒரு செயல்பாடு வந்தது:

```
=NUMBERVALUE(F2,".",",")*2000
```

தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் கமா என்று நாமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். எழுத்து எந்த ஊர் வழக்கில் எழுதப்பட்டது என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும், திறக்கும் கணினிக்குத் தெரியாது. அதை ஃபார்முலாவிலேயே எழுதி வைப்பதுதான் முறை.

மூன்றாவதாக INDIRECT. மேற்கோள் குறிக்குள் செல் முகவரியை எழுதி, அந்தச் செல்லை எடுத்துவரச் சொல்லும் செயல்பாடு இது. முகவரியை B2 என்ற வடிவில் எழுதினால் எந்த மொழியிலும் சிக்கல் இல்லை. வரிசை எண், பத்தி எண் கொண்டு =INDIRECT("R2C3",FALSE) என்று எழுதினால்தான் சிக்கல். ஜெர்மனில் வரிசைக்கு R அல்ல, Z. பத்திக்கு C அல்ல, S. அங்கே Z2S3 என்று இருந்தால்தான் புரியும், R2C3 என்றால் #BEZUG! வரும். எண் கொண்டு செல்லை எடுக்க INDEX இருக்கிறது. அதற்கு மேற்கோள் குறியே தேவையில்லை, பெரிய ஷீட்டில் வேகமும் கூட.

ஆக, வெளிநாட்டுக்குப் போகும் கோப்பில் தேட வேண்டியவை மூன்று: TEXT, VALUE, INDIRECT. Ctrl+F அழுத்தி, Options-ஐ விரித்து, Look in என்ற இடத்தில் Formulas, Within என்ற இடத்தில் Workbook என்று வைத்து TEXT( என்று தேடினால் எல்லா ஷீட்டிலும் உள்ளவை வரிசையாக வந்துவிடும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. TEXT(A2,"000") போல வெறும் பூஜ்யங்கள் மட்டும் இருந்தால் எந்த மொழியிலும் ஒரே விடைதான். மேற்கோளுக்குள் y, d போன்ற எழுத்தோ, புள்ளியோ, கமாவோ இருப்பவற்றை மட்டும் பார்த்தால் போதும். SUMIF, COUNTIF நிபந்தனைகளில் ">1.5" என்று தசமத்தோடு எழுதியிருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஒன்றரையை ஒரு செல்லில் எண்ணாக வைத்து ">"&H1 என்று இணைத்துவிட்டால் எண்ணை எழுத்தாக்குவதும் திரும்ப எண்ணாக்குவதும் ஒரே கணினியில், ஒரே வழக்கில் நடக்கும்.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்களுக்குப் பிரிப்புக் குறியும் தேதி வடிவமும் பயனரின் கணினியைப் பொறுத்தவை அல்ல. கோப்புக்கே ஒரு பிராந்திய அமைப்பு உண்டு, அது File மெனுவில் Settings-ல் இருக்கிறது, யார் திறந்தாலும் அதுவே. இந்த விஷயத்தில் கூகுள் செய்தது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். செயல்பாட்டுப் பெயர்களை எப்போதும் ஆங்கிலத்திலேயே காட்டும் தேர்வும் அங்கே இருக்கிறது. லிப்ரெஆஃபீஸ் கால்கிலும் அப்படி ஒரு தேர்வு Tools, Options, LibreOffice Calc, Formula என்ற பக்கத்தில் கிடைக்கும்.

எக்செலில் கோப்பை அனுப்பும் முன் சோதிக்க ஜெர்மன் ஆஃபீஸ் வாங்க வேண்டியதில்லை. கோளாறு தருவது பெரும்பாலும் விண்டோஸின் பிராந்திய அமைப்பு என்பதால், நம் கணினியிலேயே அதைச் சற்று நேரம் மாற்றிப் பார்க்கலாம். எக்செலை மூடிவிட்டு, விண்டோஸ் விசையோடு R அழுத்தி, intl.cpl என்று தட்டினால் Region பெட்டி திறக்கும். அதில் Format என்ற பட்டியலில் German (Germany) என்று தேர்ந்தெடுத்து OK கொடுக்கவும். கோப்பின் நகல் ஒன்றை எக்செலில் திறக்கவும். மெனுவும் SUM, IF போன்ற பெயர்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பிரிப்புக் குறி மட்டும் அரைப்புள்ளியாகியிருக்கும். இப்போது Ctrl+Alt+F9. எந்தச் செல்லில் yyyy முளைக்கிறது, எந்த மொத்தம் மாறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வரிசை எண் கொண்ட INDIRECT மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடலாம், அதைத் தேடலில் கண்டுபிடித்து மாற்றிவிடுவது நல்லது. முடிந்ததும் நகலைச் சேமிக்காமல் மூடி, அதே பெட்டியில் English (India) என்று திரும்ப வைக்கவும். நகலில் குறித்த செல்களைப் பிறகு மூலக் கோப்பில் திருத்தி, திருத்திய கோப்புக்கு இன்னொரு முறை இதே சோதனையைச் செய்தால் மொத்தம் இரண்டு அமைப்பிலும் 46,000 என்று நிற்க வேண்டும்.